ஆ காட்டு அக்காவும் இடம் மாறிய மச்சமும்

அவளுக்கு ஆ காட்டு அக்கா என்று யார் முதலில் பேர் வைத்தார்களோ தெரியாது. வைத்தவர் மட்டும் கையில் கிடைத்தால் அவள் சும்மா விடமாட்டாள். ஆனால் பேர் என்னவோ பொருத்தமானதுதான். அவள் வீட்டுப் பின்னறைக்குள் நுழைகிற யாரானாலும், வயது வித்தியாசம் பார்க்காமல், படிப்பு வித்தியாசம் பார்க்காமல், அவள் சொல்கிற முதல் வார்த்தை அதுதான். "ஆ காட்டுங்க. இன்னும் கொஞ்சம். கண்ணு எங்க போச்சு? கண்ணையும் திறங்க."

அவள் பல் வைத்தியர் இல்லை. வீடியோ சேனல் நடத்துகிறவர்களுக்குத் தம்ப்நெயில் செய்து கொடுக்கிறவள். வீடியோவைத் திறப்பதற்கு முன்னால் நாம் பார்க்கிறோமே ஒரு படம், வாயைப் பிளந்துகொண்டு ஒரு முகம், பின்னால் கண்ணைப் பறிக்கிற மஞ்சளோ சிவப்போ, பக்கத்தில் தடிதடியாக நாலு எழுத்து, அதுதான் அது. அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். தம்ப்நெயில் என்றால் கட்டைவிரல் நகம் என்று எவனோ அவருக்குச் சொல்லித் தொலைத்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு எத்தனை நகம் வெட்டின?" என்று கேட்பார். அவளும் சளைக்காமல், "உங்க நாக்கு ஒண்ணுதான் பாக்கி, வாங்க," என்பாள்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் அவள் பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டூடியோவில் வேலை பார்த்தாள். அங்கே அவள் வேலை இதற்கு நேர் எதிர். "சிரிக்காதீங்க. வாயை மூடுங்க. புருவத்தை இறக்குங்க. நேரா பாருங்க." கல்யாணம் ஆன மறுநாள் வந்த பெண்ணைக் கூட இழவு வீட்டுக்குப் போய்வந்தவள் போல உட்கார வைத்துவிடுவாள். ஊர் ஜனங்களின் முகத்திலிருந்து உணர்ச்சியைத் துடைத்துத் துடைத்து எடுத்தவள், இப்போது அதையே பிதுக்கிப் பிதுக்கி வெளியே கொண்டுவந்து பிழைக்கிறாள். இதில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. "அன்னைக்கு மூடச் சொன்னேன், இன்னைக்குத் திறக்கச் சொல்றேன். வாய் அதே வாய்தானே?" என்பாள்.

கை அவளுக்கு ஸ்டூடியோவிலேயே படிந்துவிட்டிருந்தது. தலைமுடியில் ஒற்றை இழை கூட நறுக்கப்படாமல் முகத்தைப் பின்புலத்திலிருந்து பிரித்தெடுப்பாள். பிரித்த முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று ஓட்டுவாள். கண்ணின் வெள்ளையை ஒரு சுற்று வெளுப்பாள், கன்னத்துக்குச் சூடேற்றுவாள், பின்னால் ஒரே நிறத்தை அடித்து ஊற்றுவாள். முகத்துக்குப் பாதி இடம், எழுத்துக்குப் பாதி இடம். எழுத்துக்கு இடம் விடுவதில்தான் தமிழ் அவளைப் படுத்தி எடுக்கும். நம் எழுத்துக்கு மேலே கொம்பு முளைக்கும், கீழே வால் தொங்கும். இரண்டு வரியை நெருக்கி வைத்தால் மேல்வரியின் வால் கீழ்வரியின் கொம்பில் போய்ச் சிக்கும். தள்ளி வைத்தால் இடம் பற்றாது. அதனால் யார் என்ன தலைப்பு கொண்டுவந்தாலும் முதலில் பேரம் பேசுவாள். "நாலு வார்த்தைக்கு மேல போனா வேற ஆளைப் பாருங்க."

எல்லாம் முடிந்ததும் படத்தைத் தன் போனுக்கு அனுப்பி, நகத்தளவுக்குச் சுருக்கி, கையை முழுதாக நீட்டிப் பிடித்துப் பார்ப்பாள். அந்தத் தூரத்தில் முகம் என்ன சொல்கிறது, எழுத்து என்ன சொல்கிறது என்று தெரிந்தால் சரி. இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஒன்று மட்டும் அவள் செய்யமாட்டாள். வீடியோவைப் பார்க்கமாட்டாள். "எனக்குத் தலைப்பு சொல்லுங்க, மூஞ்சியைக் குடுங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்கெதுக்கு?" என்று பெருமையாகவே சொல்லுவாள். பெருமைப்பட வேறு விஷயமா கிடைக்கவில்லை? ஆனால் அப்படித்தான் இருந்தாள்.

அவளிடம் வருகிறவர்களில் அவளுக்கு மிகவும் பிடித்தவர் மெஷின் அண்ணன். துணி துவைக்கிற மெஷினைப் பழுது பார்க்கிறவர். வீட்டுக்கு வீடு போய் மெஷினைத் திறந்து, அதையே வீடியோவாக்கி, எது கெட்டால் எப்படித் தெரியும், எதைத் தானே சரிசெய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். மெஷின் அண்ணன் என்பது சேனலின் பேர். அவர் மனைவிதான் கேமரா பிடிப்பவள். தலை நரைத்து, முன்நெற்றி ஏறி, பார்க்க ஒரு பெரிய மனிதர் போல இருப்பார். அவர் இவளை அக்கா என்பார். இவளுக்கு அது சுருக்கென்று தைக்கும். நரைத்த மனுஷனுக்கு நான் அக்காவா? விடுவாளா, வேண்டுமென்றே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் அண்ணே போடுவாள். அவர் அக்கா என்பார், இவள் அண்ணே என்பாள். மூப்பை ஒருவர் தலையில் ஒருவர் கட்டுகிற இந்த ஆட்டத்தில் இருவருமே விட்டுக் கொடுத்ததில்லை.

அவர் முகம் இருக்கிறதே, அது கல். மெஷின் வெடித்தாலும் அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. அந்தக் கல்லில் ஆச்சரியத்தை வரவழைக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். "ஒண்ணு, ரெண்டு," என்று எண்ணிக்கொண்டே போவாள், அவர் வாயைத் திறந்து பொய்யாக விறைத்துக்கொண்டிருப்பார். நடுவில் சட்டென்று எதையாவது போட்டு உடைப்பாள்.

"அண்ணே, நீங்க திறந்து வச்ச டேங்குக்குள்ள உங்க மிஸஸ் போன் விழுந்துருச்சு."

அவ்வளவுதான். புருவம் நெற்றிக்கு ஓடும். அதற்குள் வரிசையாகப் பத்துப் பதினைந்து படம் எடுத்து முடித்திருப்பாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் எவனோ ஒருத்தன் மெஷின் அண்ணனின் வீடியோக்களைத் திருடித் தன் சேனலில் போட ஆரம்பித்தான். பேரிலும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அப்படியே போட்டால் வீடியோ தளம் தானாகவே கண்டுபிடித்து நீக்கிவிடும் என்று, வீடியோவை இடவலம் மாற்றி, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டான். அதற்குக் கீழே தன் நம்பரைக் கொடுத்து, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஏதோ உதிரி பாகத்தைத் தலையில் கட்டினான். மெஷின் அண்ணனுக்குத்தான் வசவு விழுந்தது. அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் வீடியோ ஒன்றின் கடைசியில் நிதானமாகச் சொன்னார்.

"என் கன்னத்துல ஒரு மச்சம் இருக்கு. நீங்க பாக்கறப்போ அது உங்க இடது கைப் பக்கம் தெரியணும். வலது கைப் பக்கம் தெரிஞ்சா அது திருடினது. நம்பாதீங்க, ரிப்போர்ட் பண்ணுங்க."

சேனல் பார்க்கிறவர்கள் அத்தனை பேரும் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மச்சம் பார்த்து, போலிகளைப் பிடித்து, வரிந்துகட்டிக்கொண்டு புகார் கொடுத்தார்கள். ஊருக்கெல்லாம் தெரிந்த இந்த மச்ச விவகாரம் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியாது. அவள்தான் வீடியோ பார்ப்பதில்லையே.

அந்த வாரம் மெஷின் அண்ணன் கொண்டுவந்த தலைப்பு, "தொட்டா ஷாக் அடிக்குதா?"

"இது முக்கியமான வீடியோக்கா," என்றார். "நிறைய வீட்டுல மெஷினைத் தொட்டா லேசா சுருக்குங்குது. எர்த் சரியில்லன்னு அர்த்தம். லேசாத்தானேன்னு விட்டுடறாங்க. ஈரக்கையோட ஒருநாள் தொட்டாத் தெரியும்."

"அண்ணே, மெஷினை நீங்க பாத்துக்குங்க, மூஞ்சியை நான் பாத்துக்கறேன். ஆ காட்டுங்க."

படம் பிரமாதமாக வந்தது. இடது பக்கத்தில் முகம், பார்வை வலது பக்கம், அங்கே மஞ்சள் பரப்பில் எழுத்து. பார்க்கிறவர் கண் முதலில் முகத்துக்குப் போகும், முகம் எங்கே பார்க்கிறதோ அங்கே போகும், அங்கே தலைப்பு இருக்கும். எல்லாம் சரி. ஆனால் எழுத்தைப் பெரிதாக வைத்ததில் இரண்டாம் வரி கீழே இறங்கிவிட்டது. வலது கீழ் மூலையில்தான் வீடியோ எவ்வளவு நேரம் என்று காட்டுகிற கறுப்புக் கட்டம் வந்து உட்காரும். அது "அடிக்குதா?" மேல் உட்கார்ந்து வாலை விழுங்கிவிட்டது. "ஷாக் அடிக்கு" என்று நின்றது.

எழுத்தைச் சின்னதாக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு பொத்தானைத் தட்டினாள். முகம் இடவலமாகத் திரும்பி வலது பக்கத்துக்கு வந்தது, பார்வை இடது பக்கம் போனது, எழுத்தும் இடது பக்கம் போனது. மூலைக் கட்டம் இப்போது அவர் சட்டை மேல்தான் விழும், விழுந்துவிட்டுப் போகட்டும். பாஸ்போர்ட் ஸ்டூடியோவில் இதைச் செய்திருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள். அங்கே முகத்தைத் திருப்புவது மகா பாவம். இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவள் நினைத்தாள். கையை நீட்டி, சுருக்கிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. அனுப்பிவிட்டாள். ஒரு முகத்தில் ஒவ்வொரு புள்ளியாகத் தடவித் திருத்துகிறவளுக்கு, அந்தக் கன்னத்தின் மச்சம் கன்னம் மாறியது உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் மெஷின் அண்ணனும் அவர் மனைவியும். அவர் முகம் வழக்கம்போலக் கல். மனைவியின் முகம் மட்டும் தம்ப்நெயிலுக்குத் தயாராக இருந்தது.

"அக்கா, இதைப் படிங்க," என்று போனை நீட்டினாள்.

படித்தாள். "மச்சம் வலது பக்கம். போலி." "டேய் திருடா, இன்னுமா நீ திருந்தல?" "எல்லாரும் ரிப்போர்ட் அடிங்க." கீழே போகப் போக அதேதான். அசல் சேனலின் அசல் வீடியோவை, அசல் ரசிகர்கள் அடித்து விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மச்சம்?" என்று கேட்டாள் அவள்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இவர் சொன்னாரேக்கா, வீடியோவுல!"

கதை முழுவதையும் சொன்னார்கள். கேட்டதும் அவள் தன் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தாள். இருந்தது மச்சம், இருக்கக் கூடாத கன்னத்தில், அவளே பளிச்சென்று தூக்கிக் காட்டிய வெளிச்சத்தில்.

"இப்பவே மாத்திடறேன்," என்று உட்கார்ந்தாள். முகத்தை நேராகத் திருப்பினாள். தலைப்பைத் "தொட்டா ஷாக்கா?" என்று சுருக்கினாள். இரண்டு வரியும் மேலேயே அடங்கின, மூலை காலியாக நின்றது. ஒரு சொல்லைச் சுருக்கியிருந்தால் போதும், அதற்குப் போய் மனுஷன் முகத்தைத் திருப்பினோமே என்று தன்னையே கடிந்துகொண்டாள். வாய்விட்டே கடிந்துகொண்டாள். பழைய படம் போய்ப் புதிய படம் ஏறியது.

ஆனால் கருத்துகள் நிற்கவில்லை. "பாருங்க, மாட்டிக்கிட்டதும் மச்சத்தை மாத்திட்டான்," என்று ஒருத்தர் எழுதினார். மனைவி, "நாங்கதான் அசல், படத்துல சின்னத் தப்பு," என்று பதில் போட்டாள். "போலியும் இதைத்தான் சொல்லுவான்," என்று அடுத்த நிமிஷமே வந்து விழுந்தது. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. மனைவி அதைச் சத்தமாகப் படித்தாள்.

"எங்க வீட்டு மெஷினும் இப்படித்தான் சுருக்குங்குது. குழந்தை போய் போய்த் தொடுறா. ஆனா இது போலின்னு சொல்றாங்களே, இதுல சொல்றதைக் கேக்கலாமா, வேண்டாமா?"

மெஷின் அண்ணன் போனை வாங்கி அந்த வரிகளைத் தானும் ஒருமுறை படித்தார்.

"பேர் போனா போகுதுக்கா," என்றார். "இவங்க கேக்கணும். அவ்வளவுதான்."

அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்தாள். அவளுக்கு வருத்தப்படத் தெரியும், ஆனால் வருத்தத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியாது.

"அந்த ஏப்ரனைக் கழட்டுங்க அண்ணே."

அவர் வேலைக்குப் போடுகிற வெளிர் நிற ஏப்ரனை மேஜையில் விரித்தாள். தடித்த மார்க்கரை எடுத்து, நெஞ்சுப் பக்கத்தில், கை கூசாமல், பெரிதாக எழுதினாள்: மெஷின் அண்ணன்.

"மச்சம் எந்தப் பக்கம்னு ஜனங்க எதுக்கு யோசிக்கணும்? இடது கையா வலது கையான்னு எனக்கே குழம்புது. எழுத்து குழப்பாது. வீடியோவை எவன் திருப்பினாலும் எழுத்து இடவலமாத் திரும்பிப் பல்லை இளிக்கும். நேரா படிக்க வந்தா அசல், படிக்க வரலைன்னா போலி. இனிமே நானே நினைச்சாலும் உங்களைத் திருப்ப முடியாது."

மனைவியின் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. "இது நல்லாருக்கே! ஆனா இப்ப நடந்ததுக்கு என்ன சொல்றது?"

"நடந்ததைச் சொல்றது. ஒரு சின்ன வீடியோ. முகத்தைத் திருப்பினது நான்தான்னு நானே சொல்றேன்."

மெஷின் அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார். "உங்களை எதுக்குக்கா இழுக்கணும்? உங்ககிட்ட வர்ற மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"தப்பு பண்ணா ஒத்துக்குவான்னு நினைப்பாங்க. நீங்க ஏப்ரனைப் போடுங்க."

எடுத்தார்கள். அவர் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்த்து, அவள் நேராகச் சொன்னாள். எழுத்துக்கு இடம் பற்றாமல் முகத்தைத் திருப்பியதையும், மச்ச விஷயம் தெரியாமல் போனதையும், வீடியோ பார்க்காமலே படம் செய்கிற தன் வீம்பையும் சொன்னாள். "என் மேல கோவப்படுங்க, பரவாயில்ல. ஆனா மெஷின் சுருக்குன்னா ப்ளக்கைப் பிடுங்குங்க. எர்த் பாக்காம மறுபடி தொடாதீங்க," என்று முடித்தாள். ஒரே தடவையில் சரியாக வந்தது.

வீடியோ ஆயிற்று. தம்ப்நெயில்? வேறு யார் முகம் வைப்பது, அவள் முகம்தான். வாழ்நாளில் முதல்முறையாக அவள் படம் எடுக்கத் தொங்கவிட்டிருந்த மஞ்சள் துணிக்கு முன்னால் போய் நின்றாள். மனைவி கேமராவைப் பிடித்துக்கொண்டு, இதற்காகவே பிறந்தவள் போல, குரலை ஏற்றிச் சொன்னாள்.

"அக்கா, ஆ காட்டுங்க!"

அவள் வாய் மூடிக்கொண்டது. புருவம் தானாக இறங்கியது. தோள் நேரானது. பாஸ்போர்ட்டுக்கு அப்படியே அனுப்பலாம், ஒரு குறையும் சொல்லமாட்டார்கள்.

"அக்கா, கண்ணு எங்க போச்சு?"

"திறந்துதானே இருக்கு!"

"வாய்?"

திறந்தாள். கொட்டாவி மாதிரி வந்தது. இன்னொரு தடவை திறந்தாள். தும்மல் வராமல் தவிக்கிற மாதிரி வந்தது. இத்தனை நாள் எத்தனை பேரை, என்ன மூஞ்சி இது என்று அதட்டியிருப்பாள்! அந்தச் சமயம் பார்த்து வேலை முடிந்து வந்த அவள் புருஷன் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "நகத்தைத் தானே வெட்டிக்க முடியல போல," என்றார். அவள் முறைத்தாள். முறைப்பு நன்றாகத்தான் வந்தது, ஆனால் அது வேண்டியதில்லை.

"எண்ணும்மா," என்றார் மெஷின் அண்ணன். "ஒண்ணு, ரெண்டு."

மனைவி எண்ணினாள். இவள் விறைத்துக்கொண்டு நின்றாள். நடுவில் அவர், அந்தக் கல் முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழாமல், சொன்னார்.

"அக்கா, நான் உங்களை விட நாலு வயசு சின்னவன்."

அவ்வளவுதான். புருவம் நெற்றிக்கு ஓடியது. கண் பிதுங்கியது. வாய், ஒரு பஸ்ஸே உள்ளே போகலாம் போலத் திறந்தது. வரிசையாகப் பத்துப் பதினைந்து படம் விழுந்தது.

"பொய்!" என்றாள், வாய்க்கு நினைவு வந்ததும்.

"நிஜம்தான்க்கா," என்றாள் மனைவி சிரிப்பை அடக்கமுடியாமல். "அவங்க வீட்டுல எல்லாருக்கும் சீக்கிரமே நரைச்சிடும்."

"உங்க பழைய பாஸ்போர்ட் படம் ஒண்ணை ஒரு தடவை மேஜையில வச்சிருந்தீங்க," என்றார் அவர். "கீழ பிறந்த வருஷம் எழுதியிருந்தது. அப்பவே தெரியும். அக்கான்னு சும்மாவா கூப்பிட்டேன்?"

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். இந்த முகத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். கண்ணோரச் சுருக்கத்தை வழித்திருக்கிறாள், நரையைக் கறுப்பாக்கியிருக்கிறாள், மச்சத்தின் மேலேயே கை ஓட்டியிருக்கிறாள். மச்சம் எந்தக் கன்னத்தில் என்று தெரியவில்லை. ஆள் தனக்குத் தம்பி என்பதும் தெரியவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு வேலையைத் தொடங்கினாள். தன் முகத்தையே முடி சிதறாமல் பிரித்தெடுத்து, வெள்ளைக் கோடு ஓட்டி, சிவப்புப் பின்புலத்தில் நிறுத்தினாள். வகிடு எந்தப் பக்கம் என்று கண்ணாடியை நம்பாமல் புருஷனைக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். எழுத்தை மேல்பக்கமாகவே வைத்தாள், மூலையைத் தொடவில்லை. "திருப்பினது நான்தான்!" இரண்டே வார்த்தை. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். நகத்தளவில் கூட அந்த வாய் தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் ஜனங்கள் திரும்பி வந்தார்கள். அவள் வாயைப் பற்றி எழுதாதவர் இல்லை. அந்தக் குழந்தையின் தாயும் எழுதியிருந்தாள்: ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன், நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருகிறார். மெஷின் அண்ணன் அதை அப்படியே அவளுக்கு அனுப்பியிருந்தார், வேறு ஒன்றும் சேர்க்காமல்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அவருடைய சேனலைத் திறந்து, முதல் வீடியோவிலிருந்து பார்க்க உட்கார்ந்தாள். புருஷன் சாப்பிடக் கூப்பிட்டபோது மூன்றாவது வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் அவர் புதிய தலைப்போடு வந்தார். ஏப்ரனில் எழுத்து துவைத்துத் துவைத்துக் கொஞ்சம் மங்கியிருந்தது. அவள் மார்க்கரை எடுத்து, அண்ணன் என்ற சொல்லின் மேல் மறுபடி அழுத்தி எழுதிக்கொண்டே சொன்னாள்.

"வீடியோவை முதல்ல அனுப்பு, பாத்துட்டுத்தான் மத்தது. இப்ப ஆ காட்டு, தம்பி."